முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை: செலவுப் பணத்தைத் திரும்பப் பெற எந்தக் காகிதத்தை எப்போது வாங்க வேண்டும்?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது முழங்கால் வலியோடு இருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறோம். நமக்குப் பிடித்த டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி, நம் இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் இல்லாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. அப்போது பெரும்பாலும் முழுப் பணத்தையும் கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு கம்பெனியிடம் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். எங்கள் ஆத்தாவுக்கு முழங்கால் மாற்றியபோது இந்த வழியில்தான் போனோம். பணம் வந்தது. ஆனால் ஒவ்வொரு காகிதமாகக் கேட்டுக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மறுபடி மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது.

அதில் தெரிந்துகொண்டது இதுதான். கேட்கப்படும் காகிதங்களில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்த நான்கைந்து நாட்களில் கேட்டால் எளிதாகக் கிடைக்கும். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் அலைச்சல்தான். அதனால் பட்டியலாகப் போடாமல், எந்த நாளில் எதை வாங்க வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன்.

1. தேதி குறிப்பதற்கு முன்: பாலிசியில் பார்க்க வேண்டியவை

பாலிசி புத்தகத்தை எடுத்து முதலில் காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். விபத்தால் வராத மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பல பாலிசிகளில் இரண்டு அல்லது மூன்று வருடம் கழிந்திருக்க வேண்டும். 2024-இல் வந்த விதிகளின்படி இந்தக் காலம் 36 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் பாலிசி மூன்று வருடத்தைத் தொட இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றால், டாக்டரிடம் கேட்டு ஒரு மாதம் தள்ளிப் போடலாம். முழங்கால் அறுவை சிகிச்சை அவசரமில்லாதது என்பதால் இந்த வசதி உண்டு. பாலிசியை இடைவெளி இல்லாமல் புதுப்பித்து வந்ததைக் காட்ட, முதல் வருடத்திலிருந்து எல்லா வருடத்துப் பாலிசிப் பக்கங்களின் நகலும் எடுத்து வையுங்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரி. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்கும் பணம் கிடைக்கும். ஆனால் அது பாலிசி சொல்லும் இலக்கணப்படி ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். அரசுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது குறைந்தபட்ச வசதிகள் இருக்க வேண்டும். 10 லட்சத்துக்குக் குறைவாக மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை, மற்ற ஊரில் 15 படுக்கை, 24 மணி நேரமும் டாக்டரும் நர்ஸும், சொந்தமாக ஆபரேஷன் தியேட்டர் என்று அந்த வசதிகள் போகும். காரைக்குடியிலேயே ஒரு சின்ன நர்சிங் ஹோமில், மதுரையிலிருந்து டாக்டர் வந்து செய்துவிட்டுப் போகிறார் என்றால் இது ரொம்ப முக்கியம். சேர்வதற்கு முன்பே அவர்களின் பதிவுச் சான்றிதழ் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். படுக்கை எண்ணிக்கையை லெட்டர்ஹெட்டில் எழுதிக் கேளுங்கள். தரத் தயங்கினால் அப்போதே யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, முன்தகவல். திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் சேர்வதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே கம்பெனிக்கோ, அதன் சார்பில் கிளைமைக் கையாளும் டி.பி.ஏ. நிறுவனத்துக்கோ சொல்ல வேண்டும் என்று பல பாலிசிகளில் இருக்கிறது. போனில் சொன்னால் மட்டும் போதாது. மின்னஞ்சல் அனுப்புங்கள். நோயாளி பெயர், பாலிசி எண், ஆஸ்பத்திரி, டாக்டர், சேரும் தேதி, என்ன சிகிச்சை என்று நான்கு வரி போதும். அவர்கள் தரும் முன்தகவல் எண்ணைக் குறித்து வையுங்கள், பிறகு படிவத்தில் கேட்பார்கள்.

2. பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்

நம் பக்கத்துக்கென்றே உள்ள சிக்கல் இது. ஆதாரில் "மீனாட்சி எல்" என்று இருக்கும். பாலிசியில் கணவர் பெயரைச் சேர்த்து "மீனாட்சி லெட்சுமணன்" என்று இருக்கும். ஆஸ்பத்திரி வரவேற்பில் பெயர் கேட்கும்போது கூட வந்தவர் பழக்கத்தில் "மீனாட்சி ஆச்சி" என்று சொல்லிவிடுவார். அது அப்படியே கணினியில் ஏறி, பில், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி என்று எல்லாவற்றிலும் வந்து உட்கார்ந்துவிடும். நமக்கு ஆச்சி என்பது மரியாதை. சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து கிளைமைப் பார்க்கிறவருக்கு அது வேறொரு ஆளின் பெயர். கல்யாணத்துக்கு முன் அப்பச்சியின் முதலெழுத்து, பின் கணவரின் முதலெழுத்து என்று இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

அதனால் ஆஸ்பத்திரிக்கு முதல்முறை போகும்போதே பாலிசி அட்டையை நீட்டி, "இதில் இருப்பது போலவே போடுங்கள்" என்று சொல்லுங்கள். வயதையும் சேர்த்துச் சரி பாருங்கள். காரைக்குடி லேபில் பரிசோதனை செய்தாலும் அங்கேயும் இதே பெயர்தான். ஆதாருக்கும் பாலிசிக்கும் வித்தியாசம் இருந்தால், பாலிசியில் திருத்தம் கேட்டு இப்போதே எழுதுங்கள். கிளைம் போட்ட பிறகு திருத்தக் கேட்டால் இரண்டும் சேர்ந்து இழுக்கும்.

இன்னொரு விஷயம். பணம் யாருக்கு வரும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பாலிசி எடுத்தவர் பெயருக்குத்தான் வரும், நோயாளி பெயருக்கு வரும் என்ற கட்டாயம் இல்லை. மகன் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஆத்தாவுக்குப் பாலிசி எடுத்திருந்தால், பணம் அந்த மகனின் இந்திய வங்கிக் கணக்குக்குப் போகும். அவர் பெயர் அச்சிட்ட, ரத்து செய்த காசோலை ஒன்று வேண்டும். கிளைம் படிவத்திலும் அவர் கையெழுத்து வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் என்றால், கையெழுத்துப் போட்ட படிவத்தையும் காசோலையையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லிவிடுங்கள். அவருடைய பான் அட்டை, ஆதார் நகல்களும் கூடவே வரட்டும். பான் இல்லாதவர்கள் படிவம் 60 கொடுக்கலாம்.

3. சேர்வதற்கு முந்தைய 30 நாள்

அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., எக்கோ, நின்ற நிலையில் எடுக்கும் முழங்கால் எக்ஸ்ரே, இதய டாக்டரின் "பிட்னஸ்" சீட்டு என்று நிறைய இருக்கும். இந்தச் செலவும் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான பாலிசிகளில் சேர்ந்த நாளுக்கு முந்தைய 30 நாள், சிலவற்றில் 60 நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு ஜூன் 10 சேரும் நாள் என்றால், மே 11-லிருந்து செய்த செலவுக்குத்தான் பணம். மே முதல் வாரத்திலேயே எல்லாம் செய்து முடித்துவிட்டு, பிறகு அறுவை சிகிச்சை தள்ளிப் போனால் அந்தச் செலவு கணக்கில் வராது. தேதி உறுதியான பிறகு பரிசோதனைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பரிசோதனைக்கும் மூன்று காகிதம் சேர்ந்து இருக்க வேண்டும்: டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, லேபின் பில், ரிப்போர்ட். இதில் சீட்டுதான் காணாமல் போகும். லேபில் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மறந்துவிடுவார்கள். உள்ளே போகும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, வரும்போது மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மருந்துக் கடைக்கும் இதே கணக்குதான். சீட்டு இல்லாத மருந்து பில்லுக்குப் பணம் வராது.

முழங்காலுக்காக முதன்முதலில் டாக்டரைப் பார்த்த சீட்டு மிக முக்கியமானது. அது ஒரு வருடத்துக்கு முந்தையதாக இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். வலி எப்போது தொடங்கியது என்ற கேள்வி வரும்போது அதுதான் பதில்.

4. சேரும் நாளில்

சேர்க்கும் மேசையில் இருப்பவரிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "நாங்கள் பணம் கட்டிவிட்டு கிளைம் போடப் போகிறோம். செலவைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் பிரேக்-அப் பில், எண் போட்ட ரசீது, செயற்கை மூட்டின் இம்ப்ளான்ட் ஸ்டிக்கர், கிளைம் படிவத்தில் ஆஸ்பத்திரி நிரப்பும் பார்ட் பி எல்லாம் வேண்டும்." இதை முதல் நாளே சொன்னால் கேஸ் ஷீட்டில் குறித்து வைப்பார்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்குச் சொன்னால், "இப்போ சொல்றீங்களே சார், பில் செக்‌ஷன்ல எல்லாரும் கிளம்பிட்டாங்க" என்ற பதில்தான்.

அறை வாடகைக்குப் பாலிசியில் உச்ச வரம்பு இருந்தால் அந்த வரம்புக்குள்ளேயே அறை எடுங்கள். ஏன் என்பதை ஏழாவது படியில் கணக்கோடு சொல்கிறேன்.

முன்பணம் கட்டும் ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கி உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் நாளில் சில இடங்களில் முன்பண ரசீதுகளை வாங்கிக்கொண்டு, ஒரே ரசீதாகத் தருவார்கள். அது சரிதான், ஆனால் அந்தக் கடைசி ரசீதில் முழுத் தொகையும் இருக்கிறதா, நோயாளி பெயர், ரசீது எண், தேதி, பணம் கட்டிய விதம் நான்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பெரியப்பா கொஞ்சம், மாப்பிள்ளை கொஞ்சம், மகன் கொஞ்சம் என்று ஆளுக்கொரு கணக்கிலிருந்து அனுப்புவார்கள். அனுப்புவது யாராக இருந்தாலும் ரசீது நோயாளியின் பெயருக்கே இருக்கட்டும்.

முடிந்தவரை வங்கி வழியாகக் கட்டுங்கள். வருமான வரிச் சட்டப்படி ஒரே விஷயத்துக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒருவரிடமிருந்து ரொக்கமாக வாங்கக் கூடாது. நாலைந்து நாளில் பிரித்துக் கொடுத்தாலும் ஒரே சிகிச்சைதான். ரொக்கமாகக் கட்டிய சிறு தொகைகள் இருந்தால், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

வெளியூரிலிருந்து வரும் டாக்டர் தன் கட்டணத்தைத் தனியாகக் கையில் வாங்குவது சின்ன ஆஸ்பத்திரிகளில் உண்டு. அதை ஆஸ்பத்திரி பில்லிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், பதிவு எண் உள்ள அவருடைய லெட்டர்ஹெட்டில் எண் போட்ட ரசீது வேண்டும். ரசீது இல்லாத கட்டணம் கிளைமில் கிடையாது.

5. இம்ப்ளான்ட் ஸ்டிக்கர்: தியேட்டரிலேயே சொல்லி வையுங்கள்

மொத்தச் செலவில் பெரிய பங்கு செயற்கை மூட்டுக்குப் போகிறது. எதை உள்ளே வைத்தார்கள் என்பதற்குக் கம்பெனி ஏற்கும் சாட்சி ஸ்டிக்கர்தான்.

செயற்கை மூட்டு என்பது ஒரே பொருள் இல்லை. தொடை எலும்பின் முனையில் மாட்டும் உலோக மூடி ஒன்று, கீழே கால் எலும்பின் மேல் வைக்கும் உலோகத் தட்டு ஒன்று, இரண்டுக்கும் நடுவே கெட்டியான பிளாஸ்டிக் துண்டு ஒன்று. சிலருக்கு முட்டிச் சில்லுக்கும் ஒரு துண்டு வைப்பார்கள். இவற்றை எலும்போடு ஒட்ட எலும்பு சிமென்ட். ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியில், கிருமி நீக்கி ஒட்டிய உறைக்குள் வரும். அந்தப் பெட்டிக்குள் உரித்து ஒட்டக்கூடிய ஸ்டிக்கர்கள் சில இருக்கும். தயாரித்த கம்பெனி, பொருளின் பெயர், அளவு, பேட்ச் எண் என்றும் சொல்லப்படும் லாட் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் உண்டு. நர்ஸ் ஒன்றை உரித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார். மீதி பெட்டியோடு குப்பைக்குப் போய்விடும்.

அதனால் முந்தின நாளே தியேட்டர் நர்ஸிடமோ, டாக்டரின் உதவியாளரிடமோ சொல்லி வையுங்கள்: "ஸ்டிக்கர் ஒரு செட் எங்களுக்கும் வேண்டும் சிஸ்டர்." அவர்கள் ஒரு வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டித் தருவார்கள். அந்தத் தாளின் மேல் நோயாளி பெயர், உள்நோயாளி எண்ணான ஐ.பி. எண், எந்தக் கால், என்ன தேதி என்று எழுதி, டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் வாங்கிவிடுங்கள். இரண்டு முழங்காலும் ஒரே முறை மாற்றியிருந்தால் இடது, வலது என்று இரண்டு தாள். வெறும் ஸ்டிக்கர் மட்டும் இருந்தால், அது இந்த நோயாளிக்கு வைத்ததுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுக் கடிதம் வரும். எங்களுக்கு வந்த முதல் கடிதமே அதுதான்.

இரண்டாவது, இம்ப்ளான்ட் இன்வாய்ஸ். விநியோகஸ்தர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த பில் இது. இதைத் தர ஆஸ்பத்திரிகள் தயங்கும். வாங்கிய விலை நமக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான் காரணம். அப்போது நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. முழங்கால் இம்ப்ளான்ட்டுகளுக்கு மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 2017 ஆகஸ்டில் உச்ச விலை நிர்ணயித்தது. அதன்படி நோயாளிக்குத் தரும் பில்லிலேயே இம்ப்ளான்ட்டின் விலை, பிராண்டு, தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றைத் தனியாகக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டிய பில் கிடைத்தால், பல கம்பெனிகள் இன்வாய்ஸை வற்புறுத்துவதில்லை. இன்வாய்ஸ் கேட்டால் அதன் நகலில் ஆஸ்பத்திரி முத்திரை வைத்து வாங்குங்கள். இன்வாய்ஸில் உள்ள லாட் எண்ணும் ஸ்டிக்கரில் உள்ள லாட் எண்ணும் ஒன்றா என்று அங்கேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே இன்வாய்ஸில் பல நோயாளிகளுக்கான பொருள்கள் இருப்பதுண்டு, உங்களுடையதைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்குங்கள். படத்தின் மூலையில் பெயரும் தேதியும் பதிந்திருக்க வேண்டும். அறுவைக்கு முந்தைய படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துத்தான் அங்கே இருக்கும் டாக்டர் பார்ப்பார்.

6. டிஸ்சார்ஜ் சம்மரி: அச்சிடும் முன் படியுங்கள்

டிஸ்சார்ஜுக்கு முந்தின மாலை, வார்டில் தட்டச்சு செய்யும் சம்மரியின் வரைவைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். கையெழுத்தான பிறகு ஒரு வார்த்தை மாற்றவும் டாக்டர் மறுபடி உட்கார வேண்டும்.

பெயர், வயது, ஐ.பி. எண் சரியா? சேர்ந்த தேதியும் நேரமும், டிஸ்சார்ஜ் தேதியும் நேரமும் இருக்கிறதா? நோயின் பெயர், எந்தக் கால், அறுவை சிகிச்சையின் தேதியும் பெயரும் இருக்கிறதா? டாக்டரின் பதிவு எண்ணும் முத்திரையும் இருக்கிறதா? இவை எளிதில் பார்த்துவிடலாம்.

கவனம் எடுத்துப் பார்க்க வேண்டியது நோய் வரலாறு என்ற பத்தி. அதில் "10 வருடமாக முழங்கால் வலி" என்று இருந்து, பாலிசி எடுத்து நான்கு வருடம்தான் ஆகிறது என்றால், பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்ததாகக் கேள்வி வரும். வயதானவர்கள் டாக்டரிடம் பேசும்போது "ரொம்ப வருஷமா வலிக்குதுய்யா, பத்து வருஷம் இருக்கும்" என்று பொதுவாகச் சொல்வது வழக்கம். அது அப்படியே எழுத்தாகிவிடும். முதல் சீட்டில் உள்ள தேதியைக் காட்டி, உண்மையான காலத்தை எழுதும்படி டாக்டரிடம் கேளுங்கள். உண்மையில் பத்து வருடம் இருந்தால் அப்படியே இருக்கட்டும். அதை மாற்றச் சொல்வது தவறு. பிற்பாடு பழைய சீட்டு ஒன்று வெளியே வந்தால் கிளைமோடு பாலிசியும் போய்விடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் எத்தனை வருடம் என்பதற்கும் இதே விதி.

7. பில்: ஒரே வரியில் "பேக்கேஜ்" வேண்டாம்

"மூட்டு மாற்று பேக்கேஜ், 2,40,000 ரூபாய்" என்று ஒரு வரியில் பில் தருவது பரவலாக இருக்கிறது. கட்டும்போது அது சௌகரியம். கிளைம் போடும்போது அதில்தான் பணம் போகும். எப்படி என்று ஒரு கணக்குப் பார்க்கலாம்.

பாலிசிப்படி அறை வாடகை ஒரு நாளைக்கு 4,000 வரைதான். நீங்கள் எடுத்தது 6,000 ரூபாய் அறை, ஐந்து நாள், ஆக 30,000. இம்ப்ளான்ட் 85,000. மருந்து 25,000. பரிசோதனைகள் 10,000. டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்ந்து 90,000. மொத்தம் 2,40,000.

வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால், பல பாலிசிகளில் அறையோடு சேர்ந்த மற்ற கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். இங்கே 6,000-க்கு 4,000, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை மூன்றுக்கும் இந்தக் குறைப்பு பொருந்தாது என்பது விதி. பிரேக்-அப் உள்ள பில் இருந்தால் கணக்கு இப்படி வரும்: அறைக்கு 20,000, டாக்டர் முதலிய கட்டணத்துக்கு 60,000, மற்ற மூன்றுக்கும் முழுசாக 1,20,000. ஆக 2,00,000. பிரேக்-அப் இல்லாமல் ஒரே வரியாக இருந்தால், எது இம்ப்ளான்ட், எது அறை என்று பிரிக்க வழியில்லை. மொத்தத்தையும் மூன்றில் இரண்டாக்கினால் 1,60,000. ஒரு காகிதம் இல்லாததால் 40,000 ரூபாய் குறைகிறது. 4,000 ரூபாய் அறையே எடுத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

அதனால் அறை, நர்ஸிங், டாக்டர், மயக்க மருந்து, தியேட்டர், இம்ப்ளான்ட், மருந்து, பரிசோதனை, பிசியோதெரபி என்று தனித்தனியாக, நாள் கணக்கோடு பிரித்த பில் வேண்டும். மருந்துக்கு மட்டும் ஒரே தொகை போடாமல், எந்த மருந்து எத்தனை என்ற பட்டியலும் வேண்டும். பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுத்த மருந்துக்கான கழிவு அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சில பொருள்களுக்கு எந்த பில் இருந்தாலும் பெரும்பாலும் பணம் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வாக்கர், கைத்தடி, முழங்கால் பெல்ட், டயப்பர், கூட இருப்பவரின் சாப்பாடு ஆகியவை அந்த வகை. உங்கள் பாலிசியில் இதற்கென்று தனிச் சேர்க்கை இருந்தால் மட்டும் கிடைக்கும். வாக்கர் பில்லை மெயின் பில்லோடு கலக்காமல் தனியாகவே வாங்கிவிடுவது நல்லது.

8. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

கிளைம் படிவத்தில் இரண்டு பகுதி. பார்ட் ஏ நாம் நிரப்புவது. பார்ட் பி ஆஸ்பத்திரி நிரப்பிக் கையெழுத்தும் முத்திரையும் வைப்பது. கம்பெனியின் இணையதளத்தில் இருந்து இதை முன்பே அச்செடுத்துக் கொண்டு போய், சேர்ந்த மறுநாளே பார்ட் பி-யைக் கொடுத்துவிடுங்கள்.

இன்டோர் கேஸ் பேப்பர் எனப்படும் உள்நோயாளிக் குறிப்புகளின் நகலும் கேளுங்கள். டாக்டரின் தினசரிக் குறிப்பு, நர்ஸின் குறிப்பு, தியேட்டர் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு எல்லாம் இதில் இருக்கும். எல்லாக் கிளைமுக்கும் இது தேவைப்படாது. ஆனால் பெரிய தொகை என்றால் கேட்கிற வாய்ப்பு அதிகம். ஆவணப் பிரிவில் எழுதிக் கொடுத்தால் நகல் கட்டணம் வாங்கிக்கொண்டு தருவார்கள். மருத்துவக் கவுன்சில் விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கேட்ட கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கினால் வேலை நடக்கும்.

9. வீட்டுக்கு வந்த பிறகு: இரண்டு தனிக் கிளைம்

ஜூன் 10 சேர்ந்து ஜூன் 15 டிஸ்சார்ஜ் என்று வைத்துக்கொள்வோம். பல பாலிசிகளில் டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் மெயின் கிளைமை அனுப்ப வேண்டும், அதாவது ஜூலை 15-க்குள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு 60 நாள் வரை என்றால் ஆகஸ்ட் 14 வரை ஆனது கணக்கில் வரும். அதை அந்தக் காலம் முடிந்த 15 நாளுக்குள் தனியாக அனுப்ப வேண்டும், அதாவது ஆகஸ்ட் 29-க்குள். உங்கள் பாலிசியில் நாட்கள் வேறாக இருக்கலாம், அதைப் பார்த்து நாட்காட்டியில் குறியுங்கள். பிந்தைய செலவுக்காகக் காத்திருந்து மெயின் கிளைமைத் தாமதப்படுத்த வேண்டாம்.

பிந்தைய செலவில் பெரியது பிசியோதெரபி. காரைக்குடியிலேயே ஒருவர் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தாலும், அறுவை செய்த டாக்டர் "இத்தனை வாரம் பிசியோதெரபி" என்று எழுதியிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே அந்த வரி இருந்தால் இன்னும் நல்லது. வருபவர் தேதிவாரியாகக் கையெழுத்திட்ட பட்டியலும், அவருடைய பதிவு விவரத்தோடு ரசீதும் தர வேண்டும். இதற்குப் பணம் தராத பாலிசிகளும் உண்டு. கேட்டு உறுதி செய்துகொண்டு ரசீது சேருங்கள். தையல் பிரிக்கப் போனது, மறுபரிசோதனைக் கட்டணம், மருந்து ஆகியவற்றுக்கும் சீட்டும் பில்லும் சேர்த்து வையுங்கள்.

மருந்துக் கடை பில்கள் பல, வெப்பத்தில் அச்சாகும் வழுவழுப்புத் தாளில் வருகின்றன. நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஜன்னலோரம் விட்டால் எழுத்து வெளிறிப் போகும். வாங்கிய அன்றே நகல் எடுத்து, மூலத்தையும் நகலையும் சேர்த்துப் பின் போட்டு, காகித உறையில் வையுங்கள்.

10. அடுக்கி அனுப்புவது

மேலே ஒரு முகப்புக் கடிதம். அதில் பாலிசி எண், முன்தகவல் எண், இணைத்துள்ள காகிதங்களின் வரிசை எண், ஒவ்வொரு பில்லின் எண், தேதி, தொகை, கடைசியில் கூட்டுத்தொகை. இந்தக் கூட்டுத்தொகையும் பார்ட் ஏ-வில் எழுதிய தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதன் கீழ் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி, பில், ரசீது, ஸ்டிக்கர் தாள், பரிசோதனைகள், மருந்து, அடையாளக் காகிதங்கள், காசோலை என்று வையுங்கள். பரிசோதனையையும் மருந்தையும் தேதி வரிசையில், சீட்டு, பில், ரிப்போர்ட் என்று சேர்த்துக் குத்துங்கள்.

மூலக் காகிதம் எதையும் அனுப்பும் முன் முழுக் கட்டையும் ஒரு தடவை ஸ்கேன் செய்யுங்கள். கடையில் கொடுத்தால் சில நூறு ரூபாய் ஆகும், அவ்வளவுதான். சில கம்பெனிகள் இணையத்தில் ஏற்றச் சொல்வார்கள், அப்போதும் மூலத்தை எடுத்து எறியாதீர்கள், பின்னால் கேட்பார்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட் ரசீதையும், போய்ச் சேர்ந்ததைக் காட்டும் பக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே படங்களை மடிக்காமல், அட்டை வைத்துக் கட்டி அனுப்புங்கள்.

11. கேள்விக் கடிதம் வந்தால்

பதற வேண்டாம், இது நிராகரிப்பு இல்லை. கடிதத்தில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அதே வரிசை எண்ணில் பதில் எழுதி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். பாதி இப்போது, பாதி பிறகு என்று அனுப்பினால், கடைசிக் காகிதம் சேர்ந்த நாளிலிருந்துதான் அவர்கள் நாள் எண்ணத் தொடங்குவார்கள். ஏற்கெனவே அனுப்பியதையே மறுபடி கேட்டால், முகப்புக் கடிதத்தில் அது எத்தனையாவது இணைப்பு என்று சுட்டிக்காட்டி நகலையும் வையுங்கள்.

பணம் வந்ததும் எதில் எவ்வளவு பிடித்தார்கள் என்ற தீர்வுக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தவறாகப் பிடித்தது போலிருந்தால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

இன்னொரு பாலிசியோ, அலுவலகக் காப்பீடோ இருந்தால், முதல் கம்பெனி தராத மீதியை அங்கே கேட்கலாம். மூலக் காகிதங்கள் முதல் கம்பெனியிடம் இருக்கும் என்பதால், அவர்கள் சான்றொப்பமிட்ட நகல் கட்டும், தீர்வுக் கடிதமும் இரண்டாவது கம்பெனிக்கு வேண்டும். பணம் கணக்கில் ஏறிய வாரமே இவை இரண்டுக்கும் மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். இரண்டாவது பாலிசியிலும் கடைசித் தேதி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.